மூன்று புள்ளிக்குப் பின்னால்

குண்டூசி அந்தப் புகாரை மறுபடியும் திறந்திருந்தாள்.

முந்தின நாள் மாலை ‘சரிசெய்யப்பட்டது’ என்று மூடிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் அது சிவப்பு எழுத்தில் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. ‘குறிப்புப் பத்தியில் மூன்று புள்ளி வரவில்லை. எச்சரிக்கைப் பத்தி திரைக்கு வெளியே போய்விட்டது. மீண்டும் திறக்கப்படுகிறது.’ ஒரு வணக்கம் கிடையாது, தயவுசெய்து கிடையாது.

எங்கள் கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில். எழுதுவது நாங்கள். எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது டெஸ்டர். எங்கள் டெஸ்டருக்குக் குண்டூசி என்று யார் பெயர் வைத்தார்களோ, அவர்கள் கையில் தங்கக் காப்புதான் போட வேண்டும். அவள் ஒரு திரையைத் தொட்டால் எங்காவது காற்று இறங்கும். எனக்கு அங்கே மிளகாய் என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்து முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானே ஒருநாள் போனை எடுத்து “மிளகா பேசறேன், சொல்லுங்க” என்றேன். அதற்குப் பிறகு நேராகவே கூப்பிடுகிறார்கள்.

நான் செய்துகொண்டிருந்தது ஒரு டயாலிசிஸ் பிரிவுக்கான திரை. அதில் இருப்பது ஒரே ஒரு அட்டவணை. நேரம், நோயாளி, படுக்கை, குறிப்பு, கடைசியில் எச்சரிக்கை என்று மேலிருந்து கீழாக ஐந்து நிரல்; நாங்கள் பத்தி என்போம். குறிப்பு என்பது நர்ஸுகள் எழுதுவது. எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் அட்டவணையில் அது ஒரே வரியாக வர வேண்டும், இடம் போதாவிட்டால் கொஞ்சம் காட்டிவிட்டு மூன்று புள்ளியோடு நிற்க வேண்டும். எச்சரிக்கைப் பத்தியில் ஒரு சிவப்பு வட்டம் வந்தால் அந்த நோயாளியை டாக்டர் உடனே பார்க்க வேண்டும் என்று பொருள். இவ்வளவுதான். சின்ன வேலை. சின்ன வேலை என்பதால்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் அன்று மதியம் அந்த மருத்துவமனையின் தலைமை நர்ஸ் திரையைப் பார்க்க வருகிறார். அவர் சரி என்றால் திரை மருத்துவமனைக்குப் போகும். திரை போனால் என் வேலை நிரந்தரமாகும். டீம் லீட் இதைச் சொன்ன அழகு இருக்கிறதே: “இது மட்டும் நல்லபடியா போச்சுன்னா கன்ஃபர்ம் பண்ணிடலாம்மா. போகலைன்னா… நீயும் வேற எடம் பாக்கறது உனக்கே நல்லது.” என் நல்லதில் அவருக்கு அவ்வளவு அக்கறை. என்னோடு சேர்ந்தவனுக்கு எப்போதோ நிரந்தரமாகிவிட்டது. அவன் அப்பா இன்ஜினியர், அம்மா இன்ஜினியர், வீட்டு நாய்க்குக்கூட ஏதாவது பட்டம் இருக்கும். எனக்கு மட்டும் சோதனைக் காலத்தை நீட்டிவிட்டார்கள். காரணம், ‘இவங்க கொஞ்சம் மெருகேறணும்.’ மெருகு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்.

அப்பாவை வாழ்க்கையில் யாரும் நிரந்தரம் செய்ததில்லை. மேஸ்திரி கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. அதனாலேயே அந்த வார்த்தை மேல் அவருக்கு ஒரு பைத்தியம். தினமும் காலையில் நான் செருப்பு மாட்டும்போது கேட்பார்.

“நிரந்தரம் பண்ணிட்டாங்களாம்மா?”

“ராத்திரியில யாருப்பா பண்ணுவாங்க? தூங்கி எழுந்து இப்பத்தானே வரேன்.”

“இல்ல, போன்ல ஏதாவது அனுப்பியிருப்பாங்களோன்னு.”

அன்றைக்கும் கேட்டார். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

குண்டூசியின் மேஜைக்கு நேராகப் போனேன்.

“ஏய், உனக்கு வேற வேலையே இல்லையா?”

“இதான் என் வேலை,” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என் மிஷின்ல நல்லாத்தான் வருது.”

“அப்ப உன் மிஷினத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமா? கூட நீயும் போறியா, தொடச்சு வைக்க?”

“காட்டு பாக்கலாம்.”

காட்டினாள். என் கணினியில் குறிப்புப் பத்தியில் இருந்ததெல்லாம் ‘ஏபிசி’, ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட் ரெண்டு’. எங்கள் ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் போடுவோம். யாருக்கு உட்கார்ந்து எழுதப் பொறுமை? ஆனால் குண்டூசி எழுதுவாள். அவளுடைய முதல் நோயாளிக்கு எழுதி வைத்திருந்தாள்: ‘துணைக்கு அண்ணன் வருவார், அவர் போன் எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும், ஜன்னல் பக்கப் படுக்கை கேட்பார், கொடுக்காவிட்டால் நாள் பூராவும் புலம்புவார், போன முறை பாதியில் தலைசுற்றல், இடது கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கவும் கூடாது.’

அந்த வரி புள்ளிக்குப் பயப்படவேயில்லை. ரயில் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. குறிப்புப் பத்தி விரிந்து விரிந்து, எச்சரிக்கைப் பத்தியைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தது. பக்கத்தை வலது பக்கம் இழுத்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு மூலையில் அந்தச் சிவப்பு வட்டம் அனாதையாகக் கிடந்தது.

“இந்த வட்டத்த நர்ஸ் எப்படிப் பாப்பாங்க? பைனாகுலர் வச்சா?” என்றாள்.

என் மேஜைக்குத் திரும்பி வந்தேன். ஆத்திரம் அவள் மேல்தான். தப்பு செய்த ஆள் நான்தான்; என் மேல் ஆத்திரப்பட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

திரையின் தோற்றத்தைச் சொல்கிற ஸ்டைல் பகுதியில் நான் எழுதியிருந்தது இரண்டு கட்டளை. ஒன்று, எழுத்து மடியாமல் ஒரே வரியில் போக வேண்டும். இரண்டு, மிஞ்சினால் மூன்று புள்ளி. பாடம் படித்தது இதைத்தானே? பிறகு ஞாபகம் வந்தது, மிஞ்சுவதை மறை என்று ஒரு கட்டளை உண்டு. ஓவர்ஃப்ளோ ஹிட்டன். அதைச் சேர்த்தேன். ஒன்றும் மாறவில்லை. வேலை செய்யாத வரி எதற்கு என்று அழித்தேன். பத்திக்கு இருநூறு பிக்சல் அகலம் என்று கொடுத்தேன். அதையும் அது மதிக்கவில்லை, பழையபடி ரயில்தான். அதையும் அழித்தேன். எழுதுவதும் அழிப்பதுமாகப் பொழுது போனது. கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் எதையோ அடித்துக்கொண்டே இருந்தார்கள். என் மண்டையில் அடிப்பது போலவே இருந்தது.

அப்போதுதான் குறுக்குவழி உட்கார்ந்த நாற்காலியை அப்படியே உருட்டிக்கொண்டு வந்தார். அவர் எங்கள் சீனியர். எந்த வேலைக்கும் அவரிடம் ஒரு சுருக்கு உண்டு. அதனால் அந்தப் பெயர். கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

“என்ன மிளகா, கண்ணு செவந்திருக்கு? நீயே உன்னத் தடவிக்கிட்டியா?”

“புள்ளி வரமாட்டேங்குது சார்.”

“வரலைன்னா நீ வை. முதல் பத்துப் பன்னெண்டு எழுத்த வச்சுக்க, மீதிய வெட்டு, பின்னாடி மூணு புள்ளிய ஒட்டு. ப்ரோகிராம்லயே முடிச்சுடு. ஸ்டைலோட மல்லுக்கட்டிட்டு இருந்தா தலைமுடிதான் கொட்டும்.” தன் தலையைத் தொட்டுக் காட்டினார். அதில் ஆதாரம் இருந்தது.

“அது சரியா சார்?”

“பாக்கறவங்களுக்குப் புள்ளி புள்ளிதானே. அதுக்கு அப்பா பேரா எழுதியிருக்கு?”

செய்தேன். ஏன் செய்யமாட்டேன்? மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெட்டினேன், ஒட்டினேன். அட்டவணை ஒழுங்காக அடங்கி உட்கார்ந்தது. எச்சரிக்கை வட்டம் தன் இடத்தில் சிவப்பாக நின்றது. புகாரை மூடினேன். மூடும்போது கீபோர்டில் ஒரு தட்டு, அவள் மேஜைக்கே கேட்டிருக்கும்.

டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருவதற்குள் அது மறுபடியும் திறந்துகொண்டது.

இந்த முறை நான் எழுந்து போகவில்லை. அவளே வந்தாள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். அவள் அப்படி வந்து உட்கார்ந்ததே இல்லை.

“ஒண்ணு காட்டறேன். கத்தாம பாரு.”

“நான் எங்க கத்தறேன்?” என்று கத்தினேன்.

எங்கள் அட்டவணையில் ஒரு வசதி இருந்தது. குறிப்பின் மேல் கிளிக் செய்தால் அந்த இடமே எழுதும் கட்டமாக மாறும். திருத்தி என்டர் தட்டினால் சேமித்துக்கொள்ளும். அதைச் செய்ததும் நான்தான். குண்டூசி முதல் நோயாளியின் குறிப்பை கிளிக் செய்தாள். கட்டம் திறந்தது. உள்ளே இருந்தது: ‘துணைக்கு அண்ணன் வரு…’. எதையும் திருத்தவில்லை. சும்மா என்டரைத் தட்டினாள்.

“இப்ப முழுக் குறிப்பையும் எடுத்துக் காட்டு.”

நோயாளியின் தனிப் பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் ‘துணைக்கு அண்ணன் வரு…’ என்றுதான் இருந்தது. எல்லாக் குறிப்பும் போய்ச் சேரும் சேமிப்புக் கிடங்கில், அதாவது டேட்டாபேஸில், தேடினேன். அங்கேயும் அவ்வளவுதான். அட்டவணையில் என்ன எழுத்து இருந்ததோ அதையே கட்டம் எடுத்துக்கொண்டது. கட்டத்தில் இருந்ததையே கிடங்கு வாங்கிக்கொண்டது. நான் ஒட்டிய மூன்று புள்ளி இப்போது நோயாளியின் குறிப்பாகவே ஆகியிருந்தது. தலைசுற்றல் போய்விட்டது. ஜன்னல் போய்விட்டது. இடது கை போய்விட்டது.

“இடது கை…” என்றேன்.

“ம். டயாலிசிஸ் பண்றவங்களுக்கு ஒரு கையில ரத்தக்குழாயச் சேத்து ஆபரேஷன் பண்ணி வச்சிருப்பாங்க. அந்தக் கைதான் அவங்களுக்கு உயிர். அதுல வேற யாரும் கை வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரி அனுப்பின மாதிரிக் குறிப்ப நான் படிச்சேன். நீயும் படிச்சிருக்கலாம், உனக்கும்தான் அனுப்பினேன்.”

இது அவள் கையால் எழுதிய பொய் நோயாளி. பரவாயில்லை. ஆனால் மதியம் நர்ஸ் சரி என்று சொல்லி, நாளைக்கு நிஜ நோயாளிகள் அதில் ஏறியிருந்தால், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு குறிப்பு செத்திருக்கும். யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். புள்ளிதான் இருக்கிறதே, பின்னால் மீதி இருக்கும் என்று நம்பியிருப்பார்கள்.

வெட்டியதையெல்லாம் எடுத்தேன். தொலைந்த குறிப்பைக் குண்டூசி தன் பிரதியிலிருந்து மறுபடி போட்டாள். ரயில் திரும்பி வந்தது. இந்த முறை அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. எழுத்தாவது முழுசாக இருக்கிறதே.

“சரி, என்ன பண்றது? நான் அகலமும் குடுத்தேன், மறைக்கவும் சொன்னேன். கேக்கமாட்டேங்குது.”

குண்டூசி தலையைச் சொறிந்தாள். “எனக்கு எழுதத் தெரியாது, உடைக்கத்தான் தெரியும். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஓரத்துல இருக்கற இந்த விவரப் பெட்டியில மட்டும் அதே குறிப்பு புள்ளியோட அழகா நிக்குதே, எப்படி?”

திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி உண்டு. கடைசியாகத் தொட்ட நோயாளியின் விவரம் அதில் வரும். அங்கே அதே குறிப்பு, அதே நீளம், மூன்று புள்ளியோடு அடக்கமாக நின்றது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். மாதக்கணக்கில் கண்ணெதிரே இருந்தது, உறைக்கவே இல்லை. அங்கே ஒரே வரி, மறை, புள்ளி என்று மூன்று கட்டளையும் சேர்ந்து இருந்தன. அகலம் நான் கொடுக்கவில்லை; பெட்டி தான் இருக்கும் இடத்தின் அகலத்தைத் தானே எடுத்துக்கொண்டிருந்தது. எழுத்து எவ்வளவு நீண்டாலும் பெட்டி விரியவில்லை.

அட்டவணையின் கட்டம் அப்படி இல்லை. அதை அளந்து பார்த்தேன். பிரவுசரிலேயே அளக்கலாம். நான் சொன்ன அகலம் இருநூறு. அது எடுத்துக்கொண்டது ஆயிரத்துக்கும் மேலே.

“திமிரப் பாரு,” என்றாள் குண்டூசி.

“திமிர் இல்லடி,” என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கத் தொடங்கியது. “இந்த அட்டவணை உள்ள இருக்கற எழுத்தக் கேட்டுக்கிட்டு அகலத்த முடிவு பண்ணுது. உனக்கு எவ்வளவு வேணும்னு கேக்குது, அவ்வளவும் குடுத்துடுது. நான் இருநூறுன்னா, குறைஞ்சது இருநூறு போலன்னு எடுத்துக்குது. எழுத்து மடியாதுன்னு வேற சொல்லிட்டேன், அதனால முழு வரிக்கும் எடம் குடுத்தே ஆகணும். அப்புறம் எங்க மிஞ்சறது? மிஞ்சினாத்தானே மறைக்கும்? மறைச்சாத்தானே புள்ளி வரும்?”

“கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தா புள்ள எப்படி அடங்கும்னு சொல்லு.”

“அதேதான்.”

கேட்காமல் முடிவு செய்யும்படி அட்டவணைக்குச் சொல்ல ஒரு கட்டளை இருந்தது. டேபிள் லேஅவுட் ஃபிக்ஸட். அதாவது, உள்ளே என்ன இருந்தாலும் சரி, அகலத்தை முதல் வரிசையைப் பார்த்தே தீர்மானித்துவிடு. அதோடு அட்டவணைக்கே ஒரு அகலம் வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கட்டளையும் சும்மாதான். அட்டவணை திரையின் முழு அகலம் என்று எழுதினேன். சேமித்தேன்.

எச்சரிக்கைப் பத்தி திரைக்குள் வந்துவிட்டது. சிவப்பு வட்டமும் வந்தது. ஆனால் குறிப்பின் எழுத்து தன் கட்டத்தைத் தாண்டி, அந்த வட்டத்தின் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது.

குண்டூசி வாய்விட்டுச் சிரித்தாள். “இப்பத்தான் கூத்து களை கட்டுது.”

நான் சிரிக்கவில்லை. அந்த அசிங்கத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து மிஞ்சியிருக்கிறது. முதல் தடவையாக மிஞ்சியிருக்கிறது. காலையில் வேலை செய்யவில்லை என்று அழித்தேனே, அந்த மறைக்கும் கட்டளை, அதன் வேலை இப்போதுதான் தொடங்குகிறது. அதைத் தனியாகச் சோதித்தேன், அகலத்தைத் தனியாகச் சோதித்தேன், ஒன்று தோற்றதும் அதை அழித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். எல்லாம் ஒன்றாக நிற்க நான் விடவே இல்லை.

மறை என்று மறுபடி எழுதினேன்.

‘துணைக்கு அண்ணன் வருவார், அவர் போன் எடு…’

புள்ளி. நான் ஒட்டாத புள்ளி. குண்டூசி என்னைத் தாண்டிக் கையை நீட்டி மௌஸைப் பிடுங்கினாள். கிளிக் செய்தாள். முழுக் குறிப்பும் கட்டத்தில் வந்தது, இடது கைவரைக்கும். என்டர் தட்டினாள். கிடங்கில் பார்த்தாள். ஒரு எழுத்து குறையவில்லை.

“ம்,” என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. ஆனால் அடுத்த நொடியே, “ஆனா அஞ்சு பத்தியும் ஒரே அகலமா இருக்கு பாரு. நேரத்துக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு?” என்றாள்.

தலைப்பு வரிசையில் ஒவ்வொன்றுக்கும் அகலம் எழுதினேன். நேரத்துக்குக் கொஞ்சம், படுக்கைக்குக் கொஞ்சம், எச்சரிக்கைக்கு ஒரு வட்டம் கொள்ளும் அளவு, மீதியெல்லாம் குறிப்புக்கு. மௌஸைக் கொண்டுபோய்க் குறிப்பின் மேல் வைத்தாலே முழுசும் தெரியும்படி ஒரு வரி சேர்த்தேன். மாடிப்படியில் டீம் லீடின் குரல் கேட்டது, “பாத்து வாங்க சிஸ்டர், படி கொஞ்சம் உசரம்.”

தலைமை நர்ஸ் குள்ளமாக, வேகமாக இருந்தார். உட்காரச் சொன்னதற்கு, “நாள் பூரா நின்னு பழகிட்டேன், உக்காந்தா தூக்கம் வரும்,” என்று நின்றபடியே திரையைப் பார்த்தார். டீம் லீட் பேச ஆரம்பித்தார். தீர்வு என்றார், தளம் என்றார், பயணம் என்றார். நர்ஸ் அவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“இத நீங்க பண்ணீங்களா?”

“ஆமா சிஸ்டர்.”

“இங்க எல்லாரும் காட்டும்போது ரெண்டு வார்த்தையில குறிப்பு எழுதிக் காட்டறாங்க. எங்க பொண்ணுங்க கதையே எழுதுவாங்க. நான் எழுதிப் பாக்கலாமா?”

டீம் லீட், “இல்ல சிஸ்டர், டெமோவுக்குன்னு தனியா…” என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். இரண்டு விரலால் எழுதினார். எழுதினார், எழுதினார். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்த மருமகளிடம் பேசக் கூடாது, எந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது. குண்டூசி பின்னால் சுவரில் சாய்ந்து நின்று, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்கு நகம் கடிக்க வேண்டும்? அவள் வேலைதான் என்றோ நிரந்தரமாயிற்றே.

நர்ஸ் என்டரைத் தட்டினார். அட்டவணை அசையவில்லை. குறிப்பு மூன்று புள்ளியோடு நின்றது. வட்டம் தன் இடத்தில் இருந்தது.

அவர் குனிந்து அந்தப் புள்ளிகளை உற்றுப் பார்த்தார். “இந்தப் புள்ளி இருந்தா பின்னாடி இன்னும் இருக்குன்னு அர்த்தம். அப்படித்தானே?”

“ஆமா சிஸ்டர்.”

“நம்பலாமா?”

சாதாரணமாகத்தான் கேட்டார். காலையில் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

“கிளிக் பண்ணிப் பாருங்க சிஸ்டர்.”

கிளிக் செய்தார். எழுதியது எல்லாம் வந்தது. மறுபடி மூடி, மறுபடி திறந்தார். வேண்டுமென்றே இன்னும் ஒரு முறை. பிறகு நிமிர்ந்து, “சரி. எங்க பொண்ணுங்களுக்குச் சொல்லிடறேன், புள்ளி இருந்தா தொட்டுப் பாருங்கடின்னு. எப்பலேருந்து தரீங்க?” என்றார்.

அவரைப் படிவரைக்கும் அனுப்பிவிட்டு வந்த டீம் லீட் என்னைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். குண்டூசியையும் கூப்பிட்டார். கணினியில் புகார்களின் வரலாறு திறந்திருந்தது.

“திரை போயிடுச்சு, சந்தோஷம். ஆனா இதப் பாரும்மா. ஒரே புகார். திரும்பத் திரும்பத் திறந்திருக்கு. மேல இருக்கறவங்க இத வச்சுத்தான் கேப்பாங்க. ஒரு சின்ன விஷயத்துக்கு இத்தன தடவையான்னு. இன்னும் கொஞ்ச நாள் சோதனைக் காலமாவே…”

வாயைத் திறந்தால் மிளகாய்தான் வரும் என்று தெரியும். திறக்கவும் போனேன். அதற்குள் குண்டூசி பேசினாள்.

“சார், ஒவ்வொரு தடவையும் அதத் திறந்தது நான்தான்.”

“அதத்தாம்மா சொல்றேன்…”

“முழுசா கேளுங்க. மத்தவங்களுக்கு நான் புகார் போட்டா என்ன வரும் தெரியுமா? ‘இது பிழை இல்ல’ன்னு எழுதி மூடிடுவாங்க. நான் மறுபடி திறந்தா உங்ககிட்ட வந்து என்னப் பத்திச் சொல்லுவாங்க. நானும் விட்டுடுவேன். அதனால அவங்க கணக்குல ஒரே தடவதான் இருக்கும், பாக்க லட்சணமா. இவ ஒருத்திதான் திட்டிக்கிட்டே சரி பண்ணுவா. பண்ணுவான்னு தெரிஞ்சதாலதான் திறந்தேன். இன்னிக்கு மத்தியானம் நாலாவது தடவ திறக்கலாம்னு பாத்தேன். எல்லா வழியிலயும் உடைச்சுப் பாத்தேன். முடியல.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஒரு டெஸ்டர் வாயால முடியலன்னு சொல்றது எவ்வளவு கேவலம்னு உங்களுக்குத் தெரியாது சார்.”

டீம் லீட் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே குறுக்குவழி நின்றுகொண்டிருந்தார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் நீட்டி, “வெட்டி ஒட்டச் சொன்னது நான்தான் சார். அந்த ஒரு தடவைய என் கணக்குல எழுதிக்குங்க,” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். போவதிலும் சுருக்குதான்.

அன்று மாலையே கடிதம் வந்தது. போனில்தான் அனுப்பினார்கள், அப்பா சொன்ன மாதிரியே.

மாடிப்படியில் நின்று அவருக்குப் போன் செய்தேன். எங்கோ ஏணி மேல் இருந்தார் போல, எதிரொலி கேட்டது.

“அப்பா, பண்ணிட்டாங்க.”

“என்னம்மா பண்ணிட்டாங்க?”

“நிரந்தரம்.”

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ, “மேஸ்திரி, கொஞ்சம் எறங்கறேன், எம்பொண்ணு பேசுது,” என்று சொல்வது கேட்டது. அவர் இறங்கி வரும்வரை காத்திருந்தேன். இறங்கியதும் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. பெயின்ட் நெடிதான் என்று சொல்லிக்கொள்வார்.

திரும்பி வந்தபோது எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். குண்டூசி பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அவளிடம் போய் நன்றி சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பழகாத வார்த்தை அது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்வதில்லை. வெளியில் என்னிடம் அதை எதிர்பார்த்தவர்கள் எல்லாம் அதற்குத் தகுதி இல்லாதவர்கள். வாய் வரை வந்தது.

“நாளைக்கு லீவ் கீவ் போட்டுடாத. அடுத்த திரை இருக்கு,” என்றேன்.

“உன் கையில திரை இருந்தா நான் எப்படி லீவ் போடறது? தூக்கம் வருமா எனக்கு?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உட்கார்ந்தேன். அவளுடைய சோதனை அட்டவணையைத் திறந்தேன். கடைசியில் ஒரு புது வரிசை சேர்த்தேன். நோயாளி: மிளகாய். படுக்கை: ஜன்னல் பக்கம். குறிப்பில் எழுதத் தொடங்கினேன். ஏபிசி இல்லை, டெஸ்ட் இல்லை. அவள் திறந்த ஒவ்வொரு புகாருக்கும் நான் மனதுக்குள் என்ன திட்டினேன் என்பதிலிருந்து தொடங்கினேன். அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டது, இடது கையைப் படித்தது, நகம் கடித்தது, கண்ணாடி அறையில் மூச்சு வாங்கியது, என் அப்பா ஏணியிலிருந்து இறங்கியது எல்லாவற்றையும் எழுதினேன். அந்த வார்த்தையையும் எழுதினேன். எழுதினால் அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. என்டர் தட்டினேன்.

அட்டவணையில் தெரிந்தது இவ்வளவுதான்: ‘ஏய் குண்டூசி, உன்னை நான் கொன்று போட்டிருப்பேன், ஆனா…’

அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் கிளிக் செய்யாமல் இருக்கமாட்டாள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் சிவப்பில் ஒரு புதுப் புகார் நின்றது. என் பெயரில்தான். எனக்குப் பழைய ஆத்திரம் ஒரு நொடி ஏறியது. பிறகு வாசித்தேன்.

‘கடைசி வரிசையில் குறிப்பு அளவுக்கு மீறி நீளம். பல முறை திறந்து பார்க்கப்பட்டது. எந்த எழுத்தும் தொலையவில்லை. எச்சரிக்கைப் பத்தி தன் இடத்தில் இருக்கிறது. இது பிழை இல்லை.’

அதன் கீழே, அவளே மூடியிருந்தாள்.